தட்டைப் பாதத்துக்கு எந்த ரன்னிங் ஷூ, பழையதை எப்போது மாற்றுவது?

கேள்வி: எனக்கு 39 வயது. எட்டு மாதமாக பெசன்ட் நகர் பக்கம் ஓடுகிறேன், வாரம் 20 கி.மீ. போல. பெரும்பாலும் தார் ரோடு, சில நாள் மணல். கடையில் கால் ஈரத்தடத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஃபிளாட் ஃபுட், கால் உள்பக்கம் சாயுது" என்று சொல்லி ஸ்டெபிலிட்டி ஷூ கொடுத்தார்கள். இப்போது சுண்டுவிரல் ஓரம் கொப்புளம், வலது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. ஒரு வாரமாக முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள் ஓரத்திலும் வலி. என் தட்டைப் பாதத்துக்கு எந்த வகை ஷூ வாங்கணும் அண்ணா? பழையது 600 கி.மீ. ஓடியிருக்கும், அடி ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது. மாற்றணுமா?

பதில்:

மாற்றணும். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று தொந்தரவுகளில் இரண்டுக்கு, பாதம் தட்டையாக இருப்பது காரணமே இல்லை. பெருவிரல் நகம் கறுப்பது பெரும்பாலும் ஷூவின் நீளம் போதாததால், அல்லது குதிகால் பிடிமானம் இல்லாமல் பாதம் முன்னே வழுக்கிப் போய் இடிப்பதால். சுண்டுவிரல் ஓரத்துக் கொப்புளம் முன்பாகத்தின் அகலம் போதாததால். கடையில் உங்கள் பாத வளைவைப் பார்த்தார்கள், பாதத்தின் நீள அகலத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கெண்டைக்கால் பக்கத்து வலி வேறு விஷயம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இந்த ஈரத்தடச் சமாச்சாரம். நாம் ஓடும்போது பெரும்பாலானவர்களுக்குக் குதிகாலின் வெளி ஓரம்தான் முதலில் தரையைத் தொடும். பிறகு பாதம் உள்பக்கமாக உருண்டு, வளைவு கொஞ்சம் தாழ்ந்து, உடம்பின் எடையை வாங்கிக்கொள்ளும். இந்த உருளலைத்தான் ப்ரொனேஷன் என்கிறார்கள். இது எல்லோருக்கும் உண்டு, இருக்கவும் வேண்டும். 1980களில் இருந்து ஷூ கம்பெனிகள் இதை வைத்து ஒரு கணக்குப் போட்டன. வளைவு உயரமாக இருந்தால் மெத்தென்ற ஷூ, நடுத்தரம் என்றால் உருளலைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலிட்டி, தட்டை என்றால் உருளலை இன்னும் இறுக்கித் தடுக்கும் மோஷன் கன்ட்ரோல். கேட்டால் நியாயமாகத்தான் படும். ஈரக்காலை ஒரு காகிதத்தில் வைத்தால் அரை நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும் என்பதால் கடைகளுக்கும் வசதி.

இந்தக் கணக்கை அமெரிக்க ராணுவம் சோதித்துப் பார்த்தது. தரைப்படை, விமானப்படை, மரைன் மூன்றிலும் புதிதாகச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பாதத் தடத்தைப் பார்த்து அதற்கேற்ற ஷூ. இன்னொரு பிரிவுக்குத் தடம் எப்படி இருந்தாலும் ஒரே வகை ஷூ. பயிற்சி முடிவில் இரண்டு பிரிவிலும் காயங்கள் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். 2014ல் டென்மார்க்கில் ஓட்டத்துக்குப் புதியவர்கள் 927 பேருக்கு, உருளலைத் தடுக்கும் அமைப்பு எதுவும் இல்லாத சாதாரண நியூட்ரல் ஷூ கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். கால் உள்பக்கம் சாய்பவர்களுக்குக் கூடுதலாகக் காயம் வரும் என்ற பயம் அங்கேயும் மெய்ப்படவில்லை.

நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2016ல் லக்சம்பர்க்கில் 372 பேரை வைத்துச் செய்த சோதனையில், பாதம் நன்றாக உள்சாய்ந்தவர்களுக்கு மோஷன் கன்ட்ரோல் ஷூவில் காயம் குறைவாகத்தான் இருந்தது. ஆகவே ஸ்டெபிலிட்டி ஷூ வீண் என்று நான் சொல்லவில்லை. அது கெடுதலும் இல்லை. உங்களுக்கு அது வசதியாக இருந்தால் தாராளமாகப் போடலாம். தட்டைப் பாதம் என்ற ஒரே காரணத்துக்காக, இறுக்கிப் பிடிக்கும் ஷூவைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான் என் பேச்சு.

தட்டைப் பாதத்திலும் இரண்டு வகை உண்டு, வீட்டிலேயே பார்த்துவிடலாம். வெறுங்காலோடு நின்று, சுவரைப் பிடித்தபடி முன்பாதத்தில் எழும்புங்கள். யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எழும்பும்போது பாதத்தின் உள்பக்கம் வளைவு தோன்றி, குதிகால் சற்று உள்நோக்கித் திரும்பினால் அது வளைந்துகொடுக்கும் தட்டைப் பாதம். தட்டைப் பாதக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான், இதற்கு வைத்தியம் எதுவும் வேண்டாம். எழும்பினாலும் வளைவு வராமல் விறைத்தே இருந்தாலோ, ஒரு கால் மட்டும் சமீபத்தில் தட்டையாகி உள்கணுக்காலுக்குக் கீழே வலித்தாலோ, ஒற்றைக் காலில் எழும்பவே முடியாவிட்டாலோ, ஷூ கடைக்குப் போகாமல் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். வளைவைத் தாங்கும் தசைநார் பழுதாகியிருக்கலாம்.

பாத வடிவம் என்றால் வளைவை மட்டும் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நம் ஊர்க் கால்களுக்கு அதைவிட முக்கியம் முன்பாகத்தின் அகலம். செருப்போ வெறுங்காலோ என்று வளர்ந்த கால், விரல்கள் பரவி வளர்ந்த கால். 2009ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இந்தியாவில் வெறுங்காலோடே நடந்து பழகியவர்களின் பாதங்களை, ஷூ போட்டுப் பழகியவர்களின் பாதங்களோடு ஒப்பிட்டார்கள். வெறுங்கால்காரர்களுக்கு முன்பாதம் அகலம், அழுத்தமும் பாதம் முழுக்கப் பரவலாக விழுந்தது. இப்படிப்பட்ட காலை, முன்னே குறுகி வரும் ஷூவுக்குள் திணித்தால் சுண்டுவிரல்தான் முதலில் முறையிடும். உங்கள் கால் முறையிட்டிருக்கிறது.

எனவே உங்கள் முதல் வேலை அளப்பது. மாலையில் அளங்கள், பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஏ4 தாளைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, குதிகால் சுவரில் பட நின்று, எடையை அந்தக் காலில் வையுங்கள். உட்கார்ந்து அளந்தால் தப்பு, நின்றால்தான் பாதம் நீளும், பரவும். மிக நீண்ட விரலின் நுனியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் புள்ளி வையுங்கள். பலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம், அப்படியானால் அதைத்தான் எடுக்க வேண்டும். அகலத்துக்கு, பெருவிரலின் அடிமூட்டு புடைக்கும் இடத்திலும் சுண்டுவிரலின் அடிமூட்டு புடைக்கும் இடத்திலும் ஒவ்வொரு புள்ளி. இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஓட்டக் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஷூ பார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. போன வருடம் சேர்ந்த ஒரு வங்கி ஊழியரின் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் கதையும் ஏறக்குறைய அதுதான். அவருக்கு வலது கால் 26.4 செ.மீ., இடது 26.0. அகலம் 10.6. ஆபீஸ் தோல் ஷூவின் நம்பரையே சொல்லி யூகே ஏழரை வாங்கிப் போட்டிருந்தார். அதன் உள்ளே இருக்கும் இன்சோலைக் கழற்றி அளந்தால் 26.7 செ.மீ. அதாவது விரலுக்கு முன்னால் 3 மி.மீ.தான் இடம். ஒவ்வொரு அடிக்கும் பாதம் கொஞ்சம் நீண்டு முன்னே நகரும், எனவே 10 மி.மீ. போல, நம் கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்காவது இடம் வேண்டும். அவருக்குத் தேவை 27.4. யூகே அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் சுமார் எட்டரை மி.மீ., அரை நம்பருக்கு அதில் பாதி. ஆக ஒரு முழு நம்பர் ஏறி எட்டரை போட வேண்டியிருந்தது. அகலத்தை நீளத்தால் வகுத்தால் 0.40. இந்த எண் 0.40ஐத் தொட்டால் வைடு ஷூவைப் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஆண்கள் ஷூவில் சாதாரண அகலத்தை டி என்றும், அகலமானதை 2ஈ என்றும், அதைவிட அகலமானதை 4ஈ என்றும் குறிப்பார்கள். பெண்கள் ஷூவில் சாதாரணம் பி, அகலமானது டி. அவருக்கு எட்டரை, 2ஈ பொருந்தியது. வகை என்று பார்த்தால் சாதாரண நியூட்ரல் ஷூதான். அவருக்கும் தட்டைப் பாதம்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். அகலம் போதவில்லை என்று நீளத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறைய. அப்போது சுண்டுவிரலுக்கு இடம் கிடைக்கும், ஆனால் குதிகால் லொடலொடவென்று ஆடும், ஷூ மடங்கும் இடம் விரல் மூட்டு மடங்கும் இடத்தோடு பொருந்தாது. பாதம் முன்னே வழுக்கி, பெரிய ஷூவிலும் நகம் கறுக்கும்.

உங்கள் பழைய ஷூவே இதற்கெல்லாம் சாட்சி சொல்லும். அதன் இன்சோலை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். 600 கி.மீ. ஓடியதில் ஐந்து விரல்களும் கறுப்பாகப் பள்ளம் பதித்திருக்கும். பெருவிரல் பள்ளத்தின் நுனி இன்சோலின் முன் விளிம்பை முட்டிக்கொண்டு இருந்தால் நீளம் குறைவு. சுண்டுவிரலின் பள்ளம் முழுதாக இல்லாமல், விளிம்பில் பாதி வட்டமாக வெட்டுப்பட்டு நின்றால் அகலம் குறைவு. கூடவே ஷூவின் மேல்துணியையும் அந்த இடத்தில் தடவிப் பாருங்கள், வலை நைந்து மெலிந்திருக்கும். கடையிலும் இதே வழிதான். புது ஷூவின் இன்சோலை எடுத்துத் தரையில் போட்டு, குதிகாலைப் பின்னால் சரியாக வைத்து அதன்மேல் நில்லுங்கள். பாதம் எங்கேயும் விளிம்பைத் தாண்டி வழியக் கூடாது, முன்னால் நகத்தளவு இடம் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இந்தச் சோதனை மாறாது.

அப்புறம் ஓடும் விதம். டிரெட்மில்லில் ஏற்றி ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக் காட்டினால் அறிவியல் மாதிரி இருக்கும். ஆனால் அறிமுகமில்லாத ஷூவில், பழகாத டிரெட்மில்லில், களைப்பே இல்லாத காலை எடுத்த வீடியோ அது. அதைவிட, உங்கள் வழக்கமான ரோட்டில் கடைசி கிலோமீட்டரில், நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் இருந்தும் பின்னால் இருந்தும் போனில் எடுக்கச் சொல்லுங்கள். பின்பக்க வீடியோவில் இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே அளவு உள்ளே சாய்ந்தால் அது உங்கள் இயல்பு. ஒன்று மட்டும் வெகுவாகச் சாய்ந்தால் காரணம் தேட வேண்டும், அது இடுப்பின் பலவீனமாகக்கூட இருக்கலாம்.

பக்கவாட்டு வீடியோவில் பார்க்க வேண்டியது, பாதம் தரையைத் தொடும் கணத்தில் முழங்காலுக்கு எவ்வளவு முன்னே விழுகிறது என்பது. வெகு தூரம் முன்னே, கால் நீட்டி விழுந்தால் அதை எந்த ஷூவும் சரிசெய்யாது. நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி, அதே வேகத்தில் அதை ஐந்து சதவீதம் கூட்டுங்கள். 160 என்றால் 168. அடி குட்டையாகும், முழங்காலில் ஏறும் பாரம் குறையும். குதிகாலில் இறங்குபவர் முன்பாதத்தில் இறங்கப் பழக வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள், தேவையில்லை. பாரம் முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் இடம் மாறும், அவ்வளவுதான்.

ஷூவில் இதற்குச் சம்பந்தப்பட்ட எண் ஒன்று உண்டு, டிராப். குதிகாலின் அடியில் உள்ள உயரத்துக்கும் முன்பாதத்தின் அடியில் உள்ள உயரத்துக்கும் வித்தியாசம். 10 முதல் 12 மி.மீ. என்றால் கெண்டைக்காலுக்கு வேலை குறையும், முழங்காலுக்குச் சற்று வேலை கூடும். 4 மி.மீ.யோ பூஜ்யமோ என்றால் நேர்மாறாக. குதிநாண் வலி வந்து போனவர்கள் உயர்ந்த டிராப்பிலேயே இருப்பது நல்லது. மற்றவர்கள் இப்போது போடுவதற்குப் பக்கத்தில் உள்ள எண்ணாக எடுத்தால் போதும். 10ல் இருந்து ஒரே தாவலாகப் பூஜ்யத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஷூக்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த பென்னோ நிக், 2015ல் வெளியிட்ட கட்டுரையில் சொன்ன வழி எளியது. ஒவ்வொரு உடம்புக்கும் தனக்கு இசைவான அசைவுப் பாதை ஒன்று உண்டு, அதோடு மல்லுக்கட்டாத ஷூ வசதியாக இருக்கும், எனவே வசதியையே வடிகட்டியாகப் பயன்படுத்தலாம் என்றார். இது நிரூபித்து முடிந்த உண்மை இல்லை, நல்ல வழிகாட்டல். நடைமுறையில் நான் செய்யச் சொல்வது இது. அளவு பொருந்திய மூன்று மாடல்களை எடுங்கள். விலையைப் பார்க்காதீர்கள். ஒரு காலில் ஒன்று, இன்னொரு காலில் மற்றொன்று போட்டு, கடை வாசலில் இரண்டு நிமிடம் மெதுவாக ஓடுங்கள். தோற்றதைக் கழற்றிவிட்டு மூன்றாவதைப் போடுங்கள். "எந்தக் காலில் ஷூ இருப்பதே தெரியவில்லை?" என்பதுதான் கேள்வி. ஓடினால் விட்டுக்கொடுக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம், ரன்னிங் ஷூ முதல் நாளே பொருந்த வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மட்டும் இந்த வழி ஆகாது. அவர்கள் அளவையும் மருத்துவர் சொல்வதையுமே நம்ப வேண்டும்.

தரை விஷயத்தில் உங்களுக்குப் பெரிய குழப்பம் வேண்டாம். சிமென்ட் ரோடு காலைக் கெடுக்கும், தார் பரவாயில்லை என்பார்கள். தரை கடினமானால் உடம்பு காலைச் சற்றுத் தளர்த்தியும், மெத்தென்றிருந்தால் சற்று விறைப்பாக்கியும் தானே சமன் செய்துகொள்கிறது. எனவே அந்த வித்தியாசத்துக்காகத் தனி ஷூ வேண்டாம். சென்னையில் உண்மையில் கவனிக்க வேண்டியது பேவர் பிளாக்கும் மழையும். பேவர் பிளாக் நடைபாதையில் கற்கள் ஏறி இறங்கியிருக்கும். இப்போது வரும் ஷூக்கள் பலவற்றில் அடிப்பாகம் ரொம்ப உயரம். ரோடு பந்தயத்துக்கு உலகத் தடகள அமைப்பு வைத்த உச்சவரம்பான 40 மி.மீ.யைத் தொட்டு நிற்கின்றன. அவ்வளவு உயரமும் கொழகொழப்பும் குறுகிய அடியும் சேர்ந்தால் கல் விளிம்பில் கணுக்கால் புரளும். நடைபாதையில் அதிகம் ஓடுகிறீர்கள் என்றால் உயரம் குறைந்த, அடி அகலமான ஷூ எடுங்கள்.

மழைக்கு, ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள். எடை குறைய வேண்டும் என்று சில ஷூக்களில் அடியில் ரப்பரைக் குறைத்து ஃபோமையே தரையில் பட விட்டிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த டைல்ஸ் மேல் அது வழுக்கும், தேயவும் சீக்கிரம் தேயும். குதிகால், முன்பாதம் இரண்டிலும் ரப்பர் முழுதாக ஒட்டியிருப்பதாக எடுங்கள். கட்டை கட்டையாகப் புடைத்த டிரெயில் ஷூ மலைப் பாதைக்கும் சேற்றுக்கும்தான். தார் ரோட்டில் அந்தக் கட்டைகள் சீக்கிரம் மழுங்கிவிடும்.

மணலுக்கென்று ஷூ தேட வேண்டாம், எந்த ஷூவுக்குள்ளும் மணல் புகும். ஆனால் அலை நனைத்த இறுகிய மணல் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். தெற்கே ஓடினால் இடது கால் பள்ளத்தில், திரும்பி வந்தால் வலது கால். போன தூரமே திரும்பியும் ஓடினால் கணக்கு நேராகிவிடும். தார் ரோட்டில்தான் பிரச்சினை. ரோட்டின் நடு மேடாக, ஓரம் சரிவாக இருக்கும். எதிரே வரும் வண்டியைப் பார்த்து ஓடுகிறோம் என்று எப்போதும் வலது ஓரத்திலேயே ஓடினால், போகும்போதும் வரும்போதும் அதே வலது கால்தான் பள்ளத்தில் இருக்கும். ஒரு ஷூ மட்டும் அதிகம் தேய்ந்தால், நடையில் கோளாறு என்று முடிவு கட்டும் முன் இதை யோசியுங்கள். போக்குவரத்து இல்லாத அதிகாலையில் சமதளமான உள்தெருக்களில் பாதியாவது ஓடிப் பாருங்கள்.

இனி பழைய ஷூ. அடி ரப்பர் நன்றாக இருக்கிறது என்றீர்கள். ரப்பர் கடைசியாகச் சாகும் பகுதி. முதலில் போவது ரப்பருக்கும் இன்சோலுக்கும் நடுவே இருக்கும் ஃபோம். அது முழுக்கக் காற்றுக் குமிழிகள். ஒவ்வொரு அடியிலும் உங்கள் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் அதை அமுக்குகிறது. குமிழிச் சுவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடிந்து, ஃபோம் பழைய இலவம்பஞ்சுத் தலையணை போல் அமுங்கிப் போகும். 500 முதல் 800 கி.மீ. என்று பொதுவாகச் சொல்லும் கணக்கு இதற்குத்தான். எடை கூடியவருக்கு 500ஐ ஒட்டி, ஒல்லியானவருக்கு 800ஐ ஒட்டி. அதே ஷூவைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் போனால் அந்த நடையும் கணக்கில் சேரும், ஆப்பில் மட்டும் சேராது.

கிலோமீட்டரை மட்டும் நம்பாமல் ஷூவையே பாருங்கள். மேஜைமேல் வைத்து, பின்னால் இருந்து கண்மட்டத்தில் பாருங்கள். குதிகால் நிமிர்ந்து நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து ஃபோம் போய்விட்டது. பக்கவாட்டில், குதிகாலுக்குக் கீழே ஃபோமில் படுக்கைவசமாக ஆழமான சுருக்கங்கள் இருக்கின்றனவா பாருங்கள். எடை இல்லாமல் சும்மா இருக்கும்போதும் அவை விரியாமல் நின்றால் குமிழிகள் மீளவில்லை என்று அர்த்தம். இன்சோலை எடுத்துவிட்டு உள்ளே குதிகால் இடத்தையும், அதிகம் பாரம் விழாத நடுப்பாத இடத்தையும் கட்டைவிரலால் அமுக்கி ஒப்பிடுங்கள். குதிகால் கட்டையாக இருந்தால் முடிந்தது. குதிகாலைச் சுற்றியுள்ள விறைப்பான கூடு கையால் அமுக்கினால் மடங்கினாலும், ரப்பர் தேய்ந்து ஃபோம் தெரிந்தாலும் அப்படியே. குதிகாலின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருப்பது சாதாரணம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் உடம்பில் தெரியும். தூரமும் வேகமும் மாறாமல் இருக்கும்போது, ஓடிய மறுநாள் முழங்காலோ கெண்டைக்காலோ புதிதாக நோகிறது, வேறு ஷூவில் ஓடினால் நோகவில்லை என்றால் வேறு சோதனை வேண்டாம்.

நம் ஊரில் தூரத்தைவிடக் காலமும் ஈரமும் ஷூவைக் கொல்வதுண்டு. வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் ஷூவை வைக்காதீர்கள், ஒட்டுப் பசை இளகிவிடும். பாலியூரித்தேன் அடி கொண்ட ஷூக்கள் ஈரக் காற்றில் வருடக்கணக்கில் சும்மா கிடந்தாலே பொடிந்துவிடும். தள்ளுபடியில் பழைய ஸ்டாக் வாங்கினால், நாக்கின் உள்பக்கத்து லேபிளில் தயாரிப்பு தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பெனிகள் போடுகின்றன. மூன்று வருடம் தாண்டியிருந்தால் நான் வாங்க மாட்டேன். மழையில் நனைந்தால் இன்சோலை எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஃபேன் காற்றில் காய வையுங்கள், இரண்டு மணிநேரத்தில் தாளை மாற்றுங்கள். வாஷிங் மெஷினும் உச்சி வெயிலும் வேண்டாம்.

முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றி ஓடுங்கள். லக்சம்பர்க் குழுவே 264 ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2015ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் 39 சதவீதம் குறைவாக இருந்தது. பாரம் ஒரே இடத்தில் விழாமல் மாறி மாறி விழுவதால் இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். செலவு இரட்டிப்பு என்று நினைக்காதீர்கள், இரண்டும் அதற்கேற்ப நீண்ட நாள் வரும்.

இப்போது அந்தக் கால் வலி. எலும்பின் உள் ஓரத்தை ஒரே விரலால் மேலிருந்து கீழாக அமுக்கிக்கொண்டே வாருங்கள். உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக நோகிறது, ஓட ஆரம்பித்ததும் வலித்துப் பிறகு அடங்குகிறது என்றால் ஷின் ஸ்பிளின்ட். இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள், மணலையும் வேக ஓட்டத்தையும் நிறுத்துங்கள், அமுங்கிய ஷூவைக் கழற்றி வையுங்கள். ஒரு ரூபாய் அளவு ஒரே இடத்தில் சுரீர் என்று நோகிறது, நடந்தாலும் ராத்திரி படுத்தாலும் வலிக்கிறது என்றால், எலும்பில் விரிசல் தொடங்கியிருக்கலாம். ஓட்டத்தை இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று திரும்ப ஓட ஆரம்பித்துவிட வேண்டாம்.

புது ஷூ வாங்கியதும் முதல் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள். அடியில் அழுக்குப் படாமல் இருந்தால்தான் மாற்றித் தருவார்கள். பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு முதல் வாரம் ஒரே ஒரு ஓட்டம், 3 கி.மீ. மட்டும். அடுத்த வாரம் இரண்டு ஓட்டம். மூன்றாம் வாரத்தில் இருந்து முழுக்க மாறிக்கொள்ளலாம். கறுத்த நகத்தைப் பிடுங்காதீர்கள். அது தானாக விழுந்து புது நகம் முழுதாக வளர ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை நகத்தை ஒட்ட வெட்டி வைத்துக்கொண்டு, லேஸை மேல்கடைசித் துளை வரை கோத்து, குதிகால் நழுவாதபடி இறுக்கிக் கட்டுங்கள்.